பக்கத்து வீட்டாருக்கு நன்றிப் பரிசு: பணமா, பொருளா, விருந்தா, கடிதமா?

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது இரவு ஒன்றே முக்கால் மணி. பின்மண்டையில் அடி, தரையெல்லாம் ரத்தம். கணவர் வெளியூரில் இருந்தார். ஐந்து வயது மகன் கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். நான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அடுத்த ஐந்து நிமிடத்தில் அந்த வீட்டு அக்கா ஒரு துண்டை நாலாக மடித்து அம்மாவின் தலையில் அழுத்திப் பிடித்திருந்தார். துண்டு நனைந்ததும் அதை எடுத்துப் பார்க்கவில்லை, அதன் மேலேயே இன்னொரு துண்டை வைத்து அழுத்தினார். அண்ணன் காரை எடுத்தார். மருத்துவமனை வாசலுக்கு வந்த பிறகுதான் நான் கைப்பை இல்லாமல் வந்திருப்பது எனக்கே தெரிந்தது. முன்பணத்தை அண்ணன் கட்டினார், காலை ஆறு மணி வரை அங்கேயே இருந்தார், அன்று வேலைக்கும் போகவில்லை. மகன் இரண்டு இரவு அவர்கள் வீட்டில் இருந்தான். அம்மாவுக்கு ஏழு தையல். தலையை ஸ்கேன் செய்து பார்த்ததில் உள்ளே ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

அதற்கடுத்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பேச்சு, அவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதுதான். பெரிதாக ஏதாவது வாங்க வேண்டும் என்றார் கணவர். வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்கலாம் என்றார் அம்மா. எனக்கு எதுவுமே போதாது என்று தோன்றியது. ஒவ்வொன்றாக எடைபோட்டுத்தான் ஒரு முடிவுக்கு வந்தோம். இதே நிலையில் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக அந்தக் கணக்கை அப்படியே எழுதுகிறேன்.

பரிசைப் பற்றிப் பேசும் முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அவர்கள் செய்த உதவியில் எது கடன், எது அன்பு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். அண்ணன் கட்டிய முன்பணம் கடன். மருந்துக்கடையில் அவர் கொடுத்த பணமும் வண்டி எரிபொருளும் வாகன நிறுத்தக் கட்டணமும் கடன்தான். ரத்தத்தில் ஊறிய இரண்டு துண்டுகள், காரின் பின் இருக்கையில் விழுந்த கறை, இவையும் அந்தக் கணக்கில் வரும். இவற்றைத் திருப்பிக் கொடுப்பது பரிசாகாது. அவர்கள் கையிலிருந்து போனதை அவர்கள் கைக்கே கொண்டு சேர்க்கிறோம், அவ்வளவுதான். பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். எல்லாவற்றையும் சேர்த்து விலை கூடிய ஒரு பொருளாக வாங்கிக் கொடுத்துவிட்டு, இதில் எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாங்கியவர்களுக்கோ மாதக் கடைசியில் அந்த முன்பணம் தட்டுப்பாடாகத்தான் தெரியும். அதை வாய்விட்டுக் கேட்கவும் முடியாது, பரிசுதான் வந்துவிட்டதே.

அதனால் பணம் முதலில் போக வேண்டும், தனியாகப் போக வேண்டும், சரியான தொகையாகப் போக வேண்டும். "எவ்வளவு ஆச்சு அண்ணே?" என்று கேட்டால், "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா" என்பதுதான் பதிலாக வரும். எங்களுக்கும் அதுதான் வந்தது. ஆனால் ரசீதுகள் மருத்துவமனைக் கோப்பிலேயே இருந்தன. முன்பண ரசீதில் நேரமும் தொகையும் இருந்தது. மருந்துச் சீட்டுகளில் முதல் இரண்டும் இரவு மூன்று மணிக்கு முந்தையவை. அப்போது என் கையில் பணமே இல்லை என்பதால் அவை அண்ணன் கொடுத்தவை என்று தெரிந்தது. கூட்டிப் பார்த்து, நாலாம் நாளே கணவர் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். "இது நீங்கள் கட்டியது அண்ணே, ரசீதும் இருக்கிறது. நன்றி சொல்லத் தனியாக வருகிறோம்" என்று மட்டும் சொன்னாராம். தொகையை மேலே ஏற்றிக் கொடுக்கவில்லை. ஏற்றிக் கொடுத்தால் கடனோடு கூலியும் சேர்ந்துகொள்ளும், அந்தக் கூலி அவர்களைப் புண்படுத்தும்.

எரிபொருளுக்கு ரசீது இல்லை. அதைப் பேரம் பேசாமல் முடிக்க ஒரு வழி கிடைத்தது. கார் இருக்கையைச் சுத்தம் செய்துதருகிறோம் என்று சொல்லி வண்டியை ஒரு நாள் வாங்கி, திருப்பிக் கொடுக்கும்போது டாங்கை நிரப்பிக் கொடுத்தோம்.

அந்தக் கறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் அவசரப்பட்டால் உதவியவர்களின் பொருள் நம் கையாலேயே கெட்டுப்போகும். ரத்தக் கறைக்குச் சுடுதண்ணீர் ஆகாது. ரத்தத்தில் உள்ள புரதம் சூட்டில் இறுகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டும். தேய்த்தால் கறை பரவும். காய்ந்துபோன கறைக்கு, நொதி சேர்ந்த சலவைத் திரவத்தைத் தண்ணீரில் கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டு மறுபடி ஒற்ற வேண்டும். தண்ணீரைக் கொட்டி ஊறவைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு நனைந்தால் காய நாளாகும், பிறகு நாற்றம் வரும். இருக்கைப் பட்டையில் நிறம் வெளுக்கும் திரவம் எதுவும் படக் கூடாது, அதன் இழைகள் பலமிழந்துவிடும். நான் பழைய பல் துலக்கும் தூரிகையும் மென்மையான சோப்புமாக அந்தப் பட்டையை நாலு முறை துடைத்தேன். நாலாவது முறைதான் துணி இளஞ்சிவப்பு ஏறாமல் வெள்ளையாகவே வந்தது. இருக்கையின் தையலோரத்தில் ஒரு கோடு மட்டும் போகவே இல்லை. அதை அண்ணனிடம் மறைக்காமல் காட்டினோம், உறையை மாற்றித் தருவதாகவும் சொன்னோம். வேண்டாம் என்றார். இரண்டு துண்டுகளுக்குப் பதில், அதே அளவில் அதே கனத்தில் புதிதாக இரண்டு வாங்கி வைத்தோம்.

இதே உதவியைச் செய்தவர் தினக்கூலிக்குப் போகிறவராக இருந்தால் கணக்கு மாறும். அண்ணன் மாதச் சம்பளக்காரர். ஒரு நாள் விடுப்பு போனது அவருக்கு இழப்புதான், ஆனால் பணம் குறையவில்லை. வேலைக்குப் போனால்தான் காசு என்று இருப்பவருக்கு நம்மால் ஒரு நாள் போனால், அந்த ஒரு நாள் கூலி முழுக்கக் கடன் பக்கம்தான் சேரும். அதைப் பரிசு என்று பூசி மெழுகாமல், "உங்கள் நேற்றைய வேலை எங்களால் போனது, இதை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று நேராகச் சொல்லிக் கொடுப்பதே மரியாதை.

சரி, கடன் தீர்ந்தது. இனி அன்புக்கு என்ன செய்வது?

முதலில் பணமே கொடுக்கலாமா என்று பார்த்தோம். உறையில் போட்டுக் கொடுத்தால் வேலை சுலபம், அவர்களுக்கு வேண்டியதை அவர்களே வாங்கிக்கொள்வார்கள். ஆனால் கடனை எண்ணிக் கொடுத்த அதே கையால் இன்னொரு உறையையும் நீட்டினால், அந்த இரவுக்கு நாங்கள் விலை போட்டதாக ஆகும். எந்தத் தொகையை எழுதினாலும் அது தப்பாகத்தான் இருக்கும். குறைவென்றால் அவ்வளவுதானா என்று தோன்றும், அதிகமென்றால் அவர்கள் கூசிப்போவார்கள். பரிசு அட்டைக்கும் பாதி இந்தக் குறை உண்டு, தொகை அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். பல அட்டைகளுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. அவர்கள் வழக்கமாகப் போகும் கடை எது என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய அதைத் தொடாமல் இருப்பது நல்லது. இரண்டையும் ஒதுக்கிவிட்டோம்.

அடுத்து, கணவர் சொன்ன பெரிய பொருள். வீட்டுக்கு உபயோகமான ஒரு கருவி வாங்கலாம் என்று அவருக்கு ஆசை. அவர் மனதில் இருந்தது நியாயமான எண்ணம்தான், அம்மாவின் உயிருக்கு ஈடாகச் சின்னதாக எப்படிக் கொடுப்பது என்று. ஆனால் அந்த அளவுகோலை எடுத்தால் எதுவுமே ஈடாகாது, விலை ஏறிக்கொண்டேதான் போகும். பரிசின் விலையைப் பற்றி ஃபிரான்சிஸ் ஃபிளின், கேப்ரியெல் ஆடம்ஸ் என்ற இருவர் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விலை கூடினால் வாங்குபவரின் மகிழ்ச்சியும் கூடும் என்று கொடுப்பவர்கள் எதிர்பார்த்தார்கள். வாங்கியவர்களைக் கேட்டபோது விலைக்கும் மகிழ்ச்சிக்கும் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. பக்கத்து வீட்டு விஷயத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. பெரிய பரிசு வாங்கியவர்கள் அடுத்த விசேஷத்துக்கு நமக்கு அதே அளவில் திருப்பிச் செய்ய வேண்டும் என்று நினைப்பார்கள். அவர்கள் வீட்டு வருமானம் நம்முடையதைவிடக் குறைவாக இருந்தால் அது உண்மையான பாரம். அதோடு நாம் தினமும் போய்வரும் வீடு அது. அந்தப் பொருள் பிடிக்காவிட்டாலும், நாம் பார்ப்போமே என்று அதைக் கூடத்திலேயே வைத்திருக்க வேண்டிவரும். இடமும் அடைக்கும், மனமும் அடைக்கும்.

பொருள்தான் வேண்டும் என்றால் பயன்படுத்தி முடிந்துபோகிற பொருளைத் தேடலாம். அல்லது அவர்கள் வீட்டில் உண்மையிலேயே குறையாக இருப்பதை. அக்கா வீட்டு வாசலில் மிதியடி கிழிந்து கிடந்தது எனக்குத் தெரியும். ஆனால் அதை வாங்கிக் கொடுத்தால் குறை சொன்னது போல ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். குறையை அவர்களே எப்போதாவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் மட்டும் இந்த வழி சரிப்படும்.

அம்மா சொன்ன விருந்து எனக்குப் பிடித்திருந்தது. ஒரே மேஜையில் உட்கார்ந்து அந்த இரவைப் பேசித் தீர்த்துக்கொள்ள அதுதான் நல்ல இடம். ஆனால் நேரம் பார்க்க வேண்டும். தலையில் தையலோடு இருக்கும் அம்மா எழுந்து உபசரிக்கப் பார்ப்பார். அதைப் பார்த்து அக்கா சமையலறைக்குள் வந்து நிற்பார், நன்றி சொல்ல அழைத்தவர்களையே வேலை வாங்கியதாக முடியும். உடல்நிலை சரியில்லாதவர் இருக்கும் வீட்டில் விருந்தாளியாக உட்காரவே பலருக்குச் சங்கடமாக இருக்கும். அதனால் விருந்தை ஆறு வாரம் தள்ளிவைத்தோம். எதைச் சாப்பிட மாட்டார்கள், எந்த நாட்களில் சாப்பிட மாட்டார்கள் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்வதும் அவசியம். பக்கத்து வீடு என்பதாலேயே இதெல்லாம் நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம், பெரும்பாலும் தெரிந்திருப்பதில்லை.

பிறகு கைமாறு, அதாவது உதவிக்கு உதவி. "எதுன்னாலும் எங்களைக் கூப்பிடுங்க அக்கா" என்று நானும் அந்த வாரம் மூன்று தடவையாவது சொல்லியிருப்பேன். மனதாரச் சொன்னதுதான், ஆனால் அந்த வாக்கியத்தை நம்பி யாரும் கதவைத் தட்டுவதில்லை. என்ன கேட்பது, எவ்வளவு கேட்பது என்று யோசிக்கும் வேலையை அவர்கள் தலையிலேயே போட்டுவிடுகிறோம். வேலையையும் நேரத்தையும் நாமே குறித்துச் சொன்னால்தான் அது உதவியாகும். அக்காவின் மாமியாரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை கண் பரிசோதனைக்கு அழைத்துப் போவார்கள் என்பது எனக்குத் தெரியும். "வர்ற சனிக்கிழமை ஒன்பது மணிக்கு நான் அத்தையைக் கூட்டிப் போறேன் அக்கா, மதியத்துக்குள்ள வந்துடுவோம், நீங்க வீட்ல இருங்க" என்றேன். ஒரு நொடி யோசித்துவிட்டுச் சரி என்றார். ஒரே ஒரு எச்சரிக்கை. இதை ஒன்றிரண்டு முறை குறிப்பிட்ட நாளில் செய்வது நன்று. எல்லாச் சனிக்கிழமையும் நானே என்று வாக்குக் கொடுத்துவிட்டு நாலாவது மாதம் தவறினால், கொடுக்காமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும்.

நாங்கள் கடைசியில் அதிக நேரம் செலவழித்தது கடிதத்துக்குத்தான். முதலில் கணவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. பத்தடி தள்ளி இருப்பவர்களுக்குக் கடிதமா, நாடகம் போல இருக்காதா என்றார். எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கூச்சத்தைப் பற்றியதே. நன்றிக் கடிதம் எழுதியவர்கள், படிப்பவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று உள்ளதைவிட அதிகமாகப் பயந்தார்கள். படித்தவர்களுக்குக் கிடைத்த மகிழ்ச்சியையோ உள்ளதைவிடக் குறைவாக மதிப்பிட்டிருந்தார்கள். சொற்கள் சரியாக அமையுமா என்பது எழுதியவரின் கவலை, படித்தவர் கவனித்தது அதிலிருந்த அன்பைத்தான்.

கடிதத்தில் என்ன எழுதுவது என்பதில் நான் ஒரு தவறு செய்தேன். என் முதல் படியில் பாதிக்கு மேல் எங்களைப் பற்றித்தான் இருந்தது. நான் எப்படிப் பயந்தேன், அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நாங்கள் என்ன ஆகியிருப்போம், என்று. படித்துப் பார்த்தபோது அதில் அக்காவையே காணோம். கிழித்துவிட்டு, அவர்கள் செய்ததை மட்டும் வரிசையாக எழுதினேன். நனைந்த துண்டை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வைத்தது. காரில் போகும்போது அம்மா தூங்கிவிடாமல் இருக்க அவர் பேத்தி பேரையும் பேரன் பேரையும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தது. மருத்துவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு எனக்கு வாய் வராதபோது, அம்மா விழுந்த நேரத்தை அண்ணன் சரியாகச் சொன்னது. வார்த்தை அலங்காரம் ஒன்றும் இல்லை, நடந்தது மட்டும்தான். ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை.

அப்படி வரிசையாக எழுதும்போதுதான் ஒன்று தட்டுப்பட்டது. அந்த வீட்டில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். அக்காவின் மகள், பத்தாம் வகுப்பு. இரண்டு இரவும் அவள் தன் கட்டிலை என் மகனுக்குக் கொடுத்துவிட்டுக் கீழே படுத்திருக்கிறாள். மறுநாள் அவளுக்குத் தேர்வு. அம்மா எங்கே என்று அவன் நடுராத்திரி எழுந்து கேட்டபோதெல்லாம் அவள்தான் கதை சொல்லித் தூங்க வைத்திருக்கிறாள். இதை என் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாங்கள் ஒரு வாரமாகப் போட்ட கணக்கில் அவள் பெயரே இல்லை. உதவி ஒரு வீட்டிலிருந்து வந்தது என்று பேசும்போது, கதவைத் திறந்தவரும் காரை ஓட்டியவரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். யார் என்ன விட்டுக்கொடுத்தார்கள் என்று ஆள் ஆளாக எழுதிப் பார்க்காவிட்டால் இப்படி ஒருவர் விடுபட்டுப்போவார். அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினோம். அவள் வரைவாள் என்பது தெரியும், அதனால் நல்ல தாள் உள்ள ஒரு வரைபுத்தகமும் பென்சில் பெட்டியும் வாங்கினோம்.

எல்லாரும் நல்லபடியாக வீடு திரும்பும் கதையாக இது இருப்பதால் எங்களுக்கு எழுதுவது சுலபமாக இருந்தது. என் தோழி ஒருத்திக்கு அப்படி அமையவில்லை. அவள் அப்பாவை மாடி வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு ஓடியும் காப்பாற்ற முடியவில்லை. துக்கத்தில் நன்றி சொல்லத் தோன்றாமல் ஆறு மாதம் போய்விட்டது. அந்த ஆறு மாதமும் அவர் இவளைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கிறார். பத்து நிமிடம் முன்னால் கிளம்பியிருக்கலாமோ என்று அவர் மனதில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த நிலையில் பொருள், விருந்து, பணம் எதுவுமே பொருந்தாது. நேரில் போய், அல்லது நாலு வரி எழுதி, "நீங்கள் அன்று செய்ததில் ஒரு குறையும் இல்லை, அப்பா தனியாக இல்லாமல் போனார் என்பதே எங்களுக்கு ஆறுதல்" என்று சொல்வது ஒன்றுதான் சரியானது. அது எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு நல்லது.

எங்கள் முடிவு இப்படி அமைந்தது. பணம் நாலாம் நாளில் போனது. காரும் துண்டுகளும் அந்த வாரக் கடைசியில். இரண்டு கடிதங்களும் வரைபுத்தகமும் இரண்டாம் வாரம், தையல் பிரித்த அன்று மாலை. சனிக்கிழமை கண் பரிசோதனை அதற்கடுத்த வாரம். விருந்து ஆறாவது வாரம், அம்மா தானே நடந்து போய் அழைத்துவிட்டு வந்த பிறகு. கணவர் வாங்க நினைத்த கருவி வாங்கப்படவில்லை.

கடிதம் கொடுத்த அன்று வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். கண் முன்னால் பிரித்துப் படிக்க வைத்தால், என்ன முகம் காட்டுவது என்று அவர்கள் திண்டாட வேண்டியிருக்கும். அந்தப் பெண்ணின் கடிதத்தை அக்காவிடம் தராமல் அவளைக் கூப்பிட்டு அவள் கையிலேயே கொடுத்தோம். உறையின் மேல் அவள் பெயரை என் மகன் எழுதியிருந்தான், இரண்டு எழுத்து தலைகீழாக.

இரவு ஒன்பது மணிக்கு அவள் வந்து கதவைத் தட்டினாள். அவனுக்கு அன்று பாதியில் நின்றுபோன கதை ஒன்று பாக்கி இருக்கிறதாம், சொல்லிவிட்டுப் போகட்டுமா என்று கேட்டாள்.